ஆப் வீல் கிரஞ்ச் அல்ல

மண்டியிட்டு, இரு பக்கமும் கைப்பிடி உள்ள சிறு சக்கரத்தை முன்னால் உருட்டித் திரும்ப இழுக்கும் ஆப் வீல் பயிற்சி பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

“ஆப் வீல் என்பது கிரஞ்ச் மாதிரிதான். கீழ்முதுகில் இறுக்கம் வந்தால் அங்கே பலம் ஏறுகிறது என்று அர்த்தம். முழுசா நீட்டுங்க.”

இது தவறு, கடைசி வரி ஆபத்தும்கூட. கிரஞ்ச்சில் வயிற்றுத் தசை உடலை மடக்குகிறது. ஆப் வீலில் அதன் வேலை, நடு உடல் தொய்யாமல் பிடித்து நிறுத்துவது. முழங்காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உடல் ஒரு பலகை மாதிரி நிற்கிறது. சக்கரம் தோளுக்குக் கீழே இருக்கும்போது அந்த இடைவெளி குறைவு. கை தலைக்கு முன்னால் நீள நீள, எடை அதேதான், ஆனால் நெம்புகோல் நீள்வதால் இடுப்பைத் தரையை நோக்கி வளைக்கும் திருப்புவிசை ஏறுகிறது. வயிறு தோற்கிற இடத்தில் கீழ்முதுகு உள்வாங்கி, பாரம் முதுகெலும்பின் பின்பக்க மூட்டுகளுக்குப் போகிறது. அவர் சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொருவர் ‘எல்லாம் கை வேலை’ என்றது பாதி சரி. சக்கரத்தைத் திரும்ப இழுக்கத் தோளும் முதுகின் பக்கத் தசையும் உழைக்கின்றன. முதுகெலும்பில் டிஸ்க் பிரச்சினை இருந்தால் இதைச் செய்யலாமா என்று கேட்டவருக்கு இங்கே பதில் சொல்ல முடியாது, பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் பிட்டத்தை இறுக்கிச் செய்து, பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இடுப்பு தொய்யத் தொடங்குவதற்கு ஒரு சாண் முன்பே சக்கரம் சுவரில் முட்டும்படி மண்டியிடுங்கள்.