நாலு மணிப் பொங்கல்: ஒரு வீடியோவுக்கு எழுதிய ஸ்கிரிப்ட்

சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் தனியாகப் பொங்கல் வைப்பதைப் பற்றி ஆறு நிமிட வீடியோ எடுக்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். அவரே ஒரு ஸ்கிரிப்டும் அனுப்பியிருந்தார். கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், ஊரிலிருந்து வீடியோ கால் வருகிறது, அம்மா பானையைக் காட்டுகிறார், இவன் அழுகிறான், பின்னால் சோகமான வயலின். நான் வேண்டாம் என்றேன். அழுகை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பொங்கலே இல்லை. அரிசி இல்லை, அடுப்பு இல்லை, அவன் அன்றைக்கு என்ன செய்தான் என்பதும் இல்லை. அதனால் நானே ஒன்று எழுதினேன்.

என் ஸ்கிரிப்ட் கடிகாரத்தில் தொடங்குகிறது. விடுதியில் பண்டிகை கொண்டாடுகிறவனுக்கு முதல் சிக்கலே நேரம்தான். தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. 2026இல் தை முதல் நாள் ஜனவரி 15, வியாழக்கிழமை. வேலை நாள். எங்கள் லாரி ஆறரைக்குக் கிளம்பிவிடும். சிங்கப்பூரில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டி பத்து நிமிடம் ஆகும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் வெயில் விழும்போது இங்கே ஒன்பது மணி கடந்திருக்கும், நான் சைட்டில் ஹெல்மெட்டோடு நிற்பேன். ஆக, ஊர் சூரியனுக்கும் பொங்கல் வைக்க முடியாது, இந்த ஊர் சூரியனுக்கும் முடியாது.

வந்த முதல் வருடம் ஊர் நேரத்தைப் பிடிக்கப் பார்த்தேன். சைட்டில் போனை எடுக்கக் கூடாது, பார்க்கவே முடியவில்லை. அடுத்த வருடம் போகி அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தேன். அது சமையல்கூடத்தில் எல்லா அடுப்பிலும் ஆள் வரிசையில் நிற்கிற நேரம். என் பால் பொங்கி அடுத்த அடுப்புக்காரரின் மீன் குழம்புப் பக்கம் ஓடி, வாக்குவாதமாகி, பாதியில் இறக்கினேன். போன தையில்தான் விடியற்காலை நாலு மணியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் சமையல்கூடம் காலியாக இருக்கும்.

ஸ்கிரிப்டின் முதல் வரி இதுதான்: "மணி நாலு பத்து. ஊர்ல ஒன்னு நாப்பது. அம்மா இன்னும் எந்திரிக்கல." இதற்கு மேல் முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

அடுத்த இரண்டு நிமிடம் முழுக்க அடுப்புதான். இந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நண்பர் எவ்வளவு சுருக்கச் சொன்னாலும் சரி. எங்கள் விடுதியில் அறைக்குள் சமைக்கக் கூடாது, சூடமோ விளக்கோ ஏற்றக் கூடாது. பொதுச் சமையல்கூடத்தில் இருப்பது மின் அடுப்பு. பால் நேரே அதில் வழிந்தால் கருகி நாறும், மறுநாள் வரை போகாது. பொங்கல் என்றாலோ பால் வழிந்தே ஆக வேண்டும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி, அடுப்பின் மேல் தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் பாத்திரத்தை வைப்பது. வழிகிற பாலைக் கல் வாங்கிக்கொள்ளும். கொதிக்க இருபது நிமிடம் ஆகும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பாத்திரமும் முக்கியம். அகலச் சட்டியில் ஒரு ஆளுக்கான பால் கொதித்துச் சுண்டுமே தவிர மேலே எழும்பி வராது. கழுத்து குறுகின அரை லிட்டர் எவர்சில்வர் செம்பு எடுத்துக்கொண்டேன். ஒரு டம்ளர் பால், மீதிக்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர். ஊரில் அம்மா அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் பானையில் ஊற்றுவதை வழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஒத்திகை பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பாலின் மேல் படிகிற ஆடை அடியிலிருந்து வருகிற ஆவியை வெளியே விடாமல் தடுக்கிறது, அதனால்தான் நுரை எழும்புகிறது. அரிசித் தண்ணீரின் கஞ்சிப்பசை அந்த நுரையை இன்னும் கெட்டியாக்குகிறது. முதல் ஒத்திகையில் முக்கால் செம்புதான் ஊற்றியிருந்தேன், பால் கழுத்து வரை ஏறி அப்படியே இறங்கிவிட்டது. கழுத்து வரை ஊற்றினால்தான் வழியும்.

வழிந்த பிறகு சிறிய டம்ளரில் அரை டம்ளர் பச்சரிசி, ஒரு பிடி வறுத்த பாசிப்பருப்பு. இரண்டும் விரலில் மசிகிற அளவுக்கு வெந்த பிறகுதான் வெல்லம். அவசரப்பட்டு முன்பே போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது, நறுக்கென்று நின்றுவிடும். லாரி நேரத்தை நினைத்து ஒருமுறை அப்படிச் செய்து கெடுத்தேன். அதையும் ஸ்கிரிப்டில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பொங்குவது ஒரே தடவைதான், மறுபடி எடுக்க முடியாது. போனை அடுப்புக்கு மேலே பிடித்தால் ஆவி படிந்து லென்ஸ் மங்கிவிடும், போன தையில் எனக்கு அதுதான் நடந்தது. ஒரு கை தூரம் பக்கவாட்டில், அரிசிப் பையில் சாய்த்து வைக்க வேண்டும். அறைக்குள் தூங்குகிறவர்களைக் காட்டக் கூடாது. அது அவர்கள் வீடு.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இரண்டாவது ஆள் வருகிறார். தண்ணீர் பிடிக்க வந்த பங்களாதேஷ் அறைத்தோழர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெல்ல வாசனையைப் பிடித்து நின்றவர், "எங்க ஊர்லயும் இப்ப இதுதான் நேரம்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பௌஷ் மாதம் முடிகிற நாள், பேரீச்ச மரத்து வெல்லத்தில் அரிசிமாவுப் பிட்டா செய்வார்களாம். பழைய டாக்காவில் அன்றைக்குப் பட்டம் விடுவார்கள், சக்ராயின் என்று பெயர். அவர் பண்டிகையை நான் கேட்டதே இல்லை, அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை. அதே அறையில் மூன்று வருடம் இருந்திருக்கிறோம். கரண்டியில் கொஞ்சம் கொடுத்தேன். இந்தக் காட்சிக்கு இசை போடக் கூடாது என்று நண்பரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அடுப்புச் சத்தம் கேட்டால் போதும்.

அப்புறம் லாரி. பொங்கல் டிபன் பாக்ஸில், பாக்ஸ் மடியில். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் கடையில் வாங்கிய மஞ்சள் கொத்திலிருந்து ஒரு இலை பாக்ஸ் மேல் சுற்றியிருக்கும். கரும்பு முழுசாக வாங்கவில்லை, நாலு நாள் அறையில் கிடந்தால் வெட்டுவாய் காய்ந்து புளித்துவிடும். ஒரு துண்டு போதும், ஈரத் தாளில் சுற்றி வைத்தேன்.

சைட்டில் இறங்கும்போது ஏழேகால். கிரேன் கைகளுக்கு நடுவில் வெளிச்சம் வருகிறது. காலை மீட்டிங்குக்கு எல்லாரும் வரிசையில் நிற்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கிடைக்கும். கிழக்கே திரும்பி மூடியைத் திறந்து, மூடினேன். ஸ்கிரிப்டில் இந்த இடத்துக்கு நான் வசனமே எழுதவில்லை.

கடைசிக் காட்சி பத்து மணி டீ நேரம். ஆறிப்போன பொங்கல், போனில் அம்மாவின் குரல் பதிவு. பின்னால் குலவைச் சத்தம் கேட்கிறது. "இப்பதான்டா பொங்குச்சு, கிழக்கால வழிஞ்சுச்சு. உனக்கு எந்தப் பக்கம்யா பொங்குச்சு?"

கிழக்கே வழிந்தால் நல்லது என்பது அம்மாவின் கணக்கு. எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. தோசைக்கல்லில் பால் வட்டமாக ஓடியதை நான் பார்த்திருந்தேன். பொத்தானை அழுத்திச் சொன்னேன்: "நாலு பக்கமும்மா."