சம்பளச் சீட்டில் 48, விசாக் கணக்கில் 56

திருகோணமலையில் இப்போது எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளை ஒன்று அங்கே நிற்கும். என்ன படிக்கப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. வேலை எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். ஒருவர் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பார். மற்றவர் 24 என்பார். மூன்றாமவர், "அதெல்லாம் சும்மா, என்ர மருமகன் முழுநேரமாய்ச் செய்தவன், ஒருத்தரும் கேட்கேல்ல" என்பார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். முன்பு இரண்டு கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆள் தட்டுப்பாடு வந்ததால் 2022 ஜனவரி முதல் 2023 ஜூன் 30 வரை அந்தக் கட்டுப்பாட்டையே தளர்த்தி வைத்திருந்தார்கள். மருமகன் முழுநேரமாய்ச் செய்தது அந்தக் காலமாக இருந்தால், அவர் செய்தது சட்டப்படி சரி. 2023 ஜூலை 1 முதல் கட்டுப்பாடு திரும்பவும் வந்தது. இப்போது படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம். ஆனால் மருமகனின் கதை மட்டும் இன்னும் உவர்மலையிலும் உப்புவெளியிலும் அப்படியே உலாவுகிறது.

நான் சில வருடங்கள் மெல்பேர்ணில் சம்பளப் பட்டியல் தயாரிக்கிற வேலையில் இருந்தவன். அதனால் பொடியன்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஓரளவு தெரியும். பேராசையில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் விழுகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டேன்.

மாணவர் விசாவில் 8105 என்று ஒரு நிபந்தனை இருக்கும். VEVO என்ற அரசாங்க இணையத் தளத்தில் தன் விசாவைத் தேடினால் யாரும் அதைப் பார்க்கலாம். அதில் சொல்லப்படும் "இரண்டு கிழமை" என்பது ஒரு திங்கட்கிழமை தொடங்கி 14 நாள். எந்தத் திங்கட்கிழமை? எந்தத் திங்கட்கிழமையும்தான். முதலாளி சம்பளம் போடுகிற இரண்டு கிழமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பொடியனின் கணக்கைச் சொல்கிறேன். பகலில் வகுப்பு, இரவில் அலுவலகக் கட்டிடம் ஒன்றில் துப்புரவு வேலை. முதல் கிழமை 20 மணித்தியாலம் செய்தான். அடுத்த கிழமை கூட வேலை செய்கிறவர் லீவில் போனதால் 28 செய்தான். சம்பளச் சீட்டு வந்தது: 48. அளவு சரி. மூன்றாம் கிழமை அந்த ஆள் இன்னும் வரவில்லை, அதனால் திரும்பவும் 28. நான்காம் கிழமை கவனமாகக் குறைத்து 20 செய்தான். அடுத்த சம்பளச் சீட்டிலும் 48. இரண்டு சீட்டையும் தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார் அம்மா, ஒரு மணித்தியாலம்கூடக் கூடவில்லை" என்று சொல்லியிருக்கிறான். அந்த மனுசி பெருமையோடு எனக்குக் காட்டினார்.

இனி, இரண்டாம் கிழமைத் திங்கட்கிழமையில் இருந்து எண்ணிப் பாருங்கள். 28ம் 28ம் சேர்ந்தால் 56. நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. பொடியனுக்கும் தெரியாது, மேற்பார்வையாளருக்கும் தெரியாது. சீட்டை மட்டும் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. எந்த நாள் எத்தனை மணித்தியாலம் வேலை என்று காட்டுகிற ரோஸ்டரை அனுப்பச் சொல்லிக் கிழமை கிழமையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

ஆகவே ஒரு கிழமையின் மணித்தியாலத்தை முந்தின கிழமையோடும் கூட்ட வேண்டும், பிந்தின கிழமையோடும் கூட்ட வேண்டும். இரண்டு கூட்டுத்தொகையும் 48ஐத் தாண்டக் கூடாது. ஒரு கிழமை 30 செய்தால் அதற்கு முன்னும் பின்னும் 18க்கு மேல் போக முடியாது. இதையெல்லாம் யோசிக்க அலுப்பாக இருந்தால் கிழமைக்கு 24 என்று பிடித்துக்கொள்வதுதான் நல்லது. ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடிகிற ஷிப்ட் என்றால் 2 மணித்தியாலம் ஒரு கிழமைக்கும் 6 அடுத்த கிழமைக்கும் போகும். இரவு வேலைக்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 48. பரீட்சை நடக்கிற கிழமைகளும் படிப்புக் காலம்தான், வகுப்பு இல்லை என்பதால் லீவு ஆகிவிடாது. பல்கலைக்கழகம் அறிவித்த விடுமுறையில் மட்டும் எவ்வளவும் செய்யலாம். படிப்புத் தொடங்குவதற்கு முன் வேலையே செய்யக் கூடாது. போய் இறங்கிய மறுநாளே ஷிப்டுக்குப் போகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆய்வு முறையில் முதுகலை செய்கிறவர்களுக்கும் கலாநிதிப் பட்டம் செய்கிறவர்களுக்கும் படிப்புத் தொடங்கிய பிறகு மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை. வகுப்புக்குப் போய்ப் படிக்கிற முதுகலைக்கு உண்டு. இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. கணவன் அந்த வகுப்பு முறை முதுகலை படித்தால் அவனுக்கு 48, ஆனால் அவனோடு போன மனைவிக்கு எல்லையே இல்லை. "அவள் செய்கிறாள்தானே, நான் செய்தால் என்ன?" என்று கேட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது சொந்தக்காரர் கடை. சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் சம்பளம் வாங்காமல் கல்லாவில் நின்றால் அது வேலை இல்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது காசு கைமாறியதா என்பதை அல்ல, அந்த வேலைக்கு வழக்கமாகச் சம்பளம் கொடுப்பார்களா என்பதை. கல்லாவில் நிற்பதற்குக் கொடுப்பார்கள். அப்படியானால் அது வேலை.

இப்போது கையில் காசு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம். "கையில் வாங்கினால் கணக்கில் வராது, எவ்வளவும் செய்யலாம்" என்று இங்கேயே சொல்லி அனுப்புகிறார்கள். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 24.95 டொலர். நிரந்தரம் இல்லாத வேலைக்கு அதற்கு மேல் 25 வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதாவது 31 டொலருக்குச் சற்று மேல். 48 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1,500 டொலர். சட்டத்தை மீறி இரண்டு கிழமைக்கு 80 மணித்தியாலம் செய்கிற பொடியனுக்குக் கையில் 15 டொலர்படி கொடுத்தால் 1,200. வரி கழித்த பிறகும் 48 செய்தவன் கையில்தான் கூடக் காசு நிற்கும். அதோடு ஓய்வூதியக் கணக்குக்கும் முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். 80 செய்தவனுக்கு அதுவும் இல்லை, நித்திரையும் இல்லை, அந்தத் தவணைப் பாடங்களும் போச்சு.

15 டொலருக்கு அவன் ஏன் சம்மதிக்கிறான்? எல்லையைத் தாண்டிவிட்டான் என்று முதலாளிக்குத் தெரியும். வாய் திறந்தால் குடிவரவுக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் 2024 ஜூலை முதல், விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது முதலாளி மேல் குற்றம். மணித்தியாலம் மீறியவனுக்கும் சம்பள உரிமை உண்டு. தொழில் ஒழுங்குகளைப் பார்க்கும் Fair Work Ombudsman அலுவலகத்திடம் போனவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விசா ரத்தாகாமல் இருக்கப் பாதுகாப்பும் உண்டு. இது நம் பிள்ளைகள் காதுக்கு எட்டுவதில்லை, மிரட்டல் மட்டும் எட்டுகிறது.

பிடிபட்டால் என்ன நடக்கும்? வங்கி மூலம் வரும் சம்பளம் ஒவ்வொன்றும் வரித் திணைக்களத்துக்கு மின்னணு முறையில் அறிவிக்கப்படுகிறது. அந்தத் திணைக்களமும் குடிவரவைப் பார்க்கிற உள்துறைத் திணைக்களமும் விசாக்காரர்களின் விபரங்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. சந்தேகம் வந்தால் விசாவை ரத்துச் செய்ய யோசிக்கிறோம் என்று முதலில் ஒரு கடிதம் வரும், பெரும்பாலும் மின்னஞ்சலில். பதில் சொல்ல நாட்கள் கொஞ்சம்தான். மீறினால் உடனே ரத்து என்றில்லை. எவ்வளவு மீறினான், ஏன், படிப்பு ஒழுங்காகப் போகிறதா என்றெல்லாம் அதிகாரி பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஒரு தரம் 56 செய்தவனும் ஒரு வருடமாக 80 செய்தவனும் அங்கே ஒன்றல்ல.

ரத்தானால் மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கும் தோற்றால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், பெரும்பாலான தற்காலிக விசாக்களுக்கு 3 ஆண்டுத் தடை வரும். அதோடு முடியாது. பிரித்தானியாவுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தாலும், இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா என்று படிவம் கேட்கும். பொய் எழுதினால் அது வேறு குற்றம். அவுஸ்திரேலியாவிலேயே பொய்த் தகவலுக்குத் தனியாக 3 ஆண்டுத் தடை இருக்கிறது. நான் சொன்ன பொடியனுக்கு இன்னும் கடிதம் எதுவும் வரவில்லை. அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், அங்கே பதிவு பெற்ற குடிவரவு முகவர் ஒருவரிடம் ரோஸ்டரோடு போகச் சொன்னேன். இங்கே பட்டணத்தில் கல்லூரி அனுமதி எடுத்துக் கொடுக்கிறவர் கல்வி முகவர். அந்த வேலை வேறு, இது வேறு.

48 போதுமா என்று கேட்டால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒருவாறு போதும். படிப்புக் கட்டணத்துக்குப் போதாது. காணியை ஈடு வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, மிச்சத்தைப் பிள்ளை உழைத்துக் கட்டும் என்று போடுகிற கணக்கு, விமானம் ஏற முன்பே நிபந்தனையை மீறுகிற கணக்கு. அப்படிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற முகவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தத் தொகை கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளத்துக்கு? கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

ஏற்கெனவே அங்கே பிள்ளை இருந்தால், சம்பளச் சீட்டைக் கேட்காதீர்கள், ரோஸ்டரைக் கேளுங்கள். இப்போது ரோஸ்டர் எல்லாம் போனில் ஒரு செயலிக்குள் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு அந்தச் செயலிக்குள் போக முடியாமல் போகலாம். அப்போது கடிதம் வந்தால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. கிழமைக்கு ஒரு தரம் படம் எடுத்துத் தனக்கே மின்னஞ்சல் பண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.