கருமாதிக்கு அப்புறம் யார் வருகிறார்கள்?

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்ததும் நம் ஊரில் துக்கம் விசாரிப்பதும் முடிந்துவிடுகிறது. அந்தப் பதினாறு நாளும் சமைத்துப் போட, இரவில் துணைக்குப் படுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் நான்காவது மாதம் அந்த வீட்டுக்கு யார் போன் செய்கிறார்கள்?

என் தோழியின் கணவர் ஆடியில் தவறினார். ஐப்பசியில் தீபாவளி வந்தது. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லாத வீடு, என்ன பேசுவது என்று தயங்கியே யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வாழ்த்த வேண்டாம், "சாப்பிட்டியா?" என்று கேட்கலாமே!

அன்று மதியம் நான் போனபோது அவருடைய பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரிசுச் சான்றிதழ் வந்தால்தான் அவர் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாஸ்புக்கில் நாமினியாக இவள் பெயரே இருக்கிறது. நாமினி இருந்தால் வங்கியில் பொதுவாக வாரிசுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, பூர்த்தி செய்த படிவம் போதும். இதைச் சொல்லக்கூட இத்தனை மாதமாக ஆள் இல்லை.

விடுமுறை முடிந்ததும் கூடவே போனேன். கவுன்டரில், "இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கேஸ், ரேஷன் கார்டு, ஈபி என்று போகிற இடமெல்லாம் இதே கேள்விக்கு "வீட்டுக்காரர்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலைச்சலைவிட இதுதான் தன்னால் முடியவில்லை என்றாள்.

அதனால்தான் "எதுன்னாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துக்கத்தில் இருப்பவர் கூப்பிட மாட்டார். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வரேன், தாலுகா ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்" என்று நாமே சொல்ல வேண்டும். போகிற வழியில் இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள், பெயர் சொல்லியே பேசுங்கள். ஞாபகப்படுத்தி அழவைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அவர்கள் எங்கே மறந்தார்கள், ஞாபகப்படுத்த?

இன்னொன்றையும் கவனியுங்கள். அழுவது இயல்பு. ஆறு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஒரு நிலைக்கு வராமல் நாளெல்லாம் அதிலேயே மூழ்கிக் கிடந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். "நானும் போயிட்டா நல்லாயிருக்கும்" என்று சொன்னால் ஆறு மாதமெல்லாம் பார்க்காதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

வரும் ஆடியில் முதல் வருஷத் திதி. அன்று சொந்தபந்தம் எல்லாம் வந்துவிடும். நான் அதற்கு முந்தின வாரமே போய் அவளோடு இருக்கப்போகிறேன்.