பூக்கார அக்காவின் விரலைக் காணோம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம், பஃபலோ ரோட்டில் மல்லிகை கட்டும் அக்கா ஒருவரை, அவரிடம் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் புகைப்படம் எடுப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் "எப்படி இருக்கு?" என்று போட்டேன். "சூப்பர்", "செம", நாலு கைதட்டல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதற்கு அதுதான் பதில்.

மறுநாள் அதே படத்தை வேறு மாதிரி போட்டேன். ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/60 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200 என்று எழுதிவிட்டு, "பார்வை முதலில் அக்காவின் விரல்களில் விழ வேண்டும் என்று நினைத்தேன். விழுகிறதா? இல்லையென்றால் எது இழுக்கிறது?" என்று கேட்டேன். இந்த முறைதான் ஆட்கள் படத்தைப் பார்த்தார்கள்.

மூன்று பேர், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், வலது மேல் மூலையில் இருந்த வெள்ளை டியூப்லைட்டைச் சொன்னார்கள். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். உண்மைதான், அது மட்டும்தான் தெரிந்தது. அந்த மூலையை வெட்டினேன்.

அப்புறம் ஒருவர், "ட்ரைபாட் வைங்க அண்ணே, கை ஆடியிருக்கு" என்று மரியாதையாக எழுதினார். இன்னொருவர், "விரலையே காணோம், என்னத்த எடுத்த?" என்றார். சுருக்கென்று இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். பூத்தட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, விரல்கள் மட்டும் இழுபட்டிருக்கின்றன. என் கை ஆடியிருந்தால் தட்டும் சேர்ந்து, ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஆடியது அக்காவின் விரல். அதற்கு ட்ரைபாட் வைத்து என்ன பயன்? மரியாதைக்காரர் சொன்னது தப்பு, வாய் நீண்டவர் சொன்னது சரி. அவருக்கு நன்றி எழுதினேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஆனால் ஒரு கருத்தை மட்டும் நான் சரிபார்க்கவே இல்லை. "இந்த மூஞ்சியைப் போய் எவனாவது எடுப்பானா?" என்று ஒருவர். என்னைத் திட்டியிருந்தால் விட்டிருப்பேன். அக்கா அந்தக் குழுவிலேயே இல்லை, பதில் சொல்ல வழியும் இல்லை. அவர் எனக்கு அனுமதி தந்தது இதைக் கேட்பதற்கா? நீக்கினேன், ஆளையும் தடுத்தேன். "விமர்சனத்தைத் தாங்க முடியலையா" என்று ஒருவர் வந்தார். அதில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததா சொல்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடம், அதே வெளிச்சம். விரல் ஆட நேரம் கொடுக்காமல் ஷட்டரை 1/250 ஆக்கினேன். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும், அதனால் ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்றினேன். புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தது, பரவாயில்லை. நார் சுற்றுகிற விரல் அப்படியே நின்றது.

அக்காவிடம் கேமராவிலேயே காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "விரலெல்லாம் சரி தம்பி, மல்லிப்பூ ஏன் மஞ்சளா இருக்கு? நேத்துப் பூவ வச்சு விக்கிறேன்னு நெனைக்கப் போறாங்க" என்றார். வெள்ளைச் சமநிலையை நான் பார்க்கவே இல்லை.