நின்றுபோன நாவலும் பத்து நிமிட நோட்டும்

என் நாவல் பதினோராம் அத்தியாயத்தில், 137ஆம் பக்கத்தில், ஏழு மாதங்கள் அசையாமல் நின்றது. தந்தை இறந்த பிறகு அவர் வாழ்ந்த வீட்டை விற்க நேரும் ஓர் அக்காவும் தம்பியும்தான் கதையின் மையம். பதினோராம் அத்தியாயத்தில் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட அக்கா தயங்க வேண்டும், தம்பி வற்புறுத்த வேண்டும், கடைசியில் அவள் அழுதபடியே கையெழுத்திட வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தக் காட்சியை ஆறு முறை எழுதினேன். ஏறக்குறைய 9,000 சொற்கள். அவற்றில் உயிருள்ள வரி ஒன்றுகூட இல்லை.

பிற்பாடு அந்த ஆறு வரைவுகளையும் வரிசையாக வைத்துப் படித்தபோது, அவை ஏன் எழுந்து நடக்கவில்லை என்பது வரிகளிலேயே தெரிந்தது. ஆறில் நான்கு, வானிலையைப் பற்றிய ஒரு பத்தியோடு தொடங்கின. பாத்திரங்கள் தங்கள் மனத்தில் உள்ளதை முழுமையான வாக்கியங்களில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். காட்சியைத் திருப்ப வேண்டிய இடத்திலெல்லாம் ‘திடீரென்று’ என்ற சொல் வந்து நின்றது. இந்தச் சொல் ஒரு வரைவில் மூன்று முறைக்கு மேல் தென்பட்டால், அங்கே பாத்திரம் நகரவில்லை, நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்து நின்றுபோனவர்களிடம் பொதுவாகச் சொல்லப்படுவது, எப்படியாவது நாளொன்றுக்கு இத்தனை சொற்கள் எழுதிவிடுங்கள் என்பதுதான். ஓடிக்கொண்டிருக்கும் நாவலுக்கு அது நல்ல அறிவுரை; நின்றுபோன நாவலுக்கு அது கெடுதல் செய்யும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். தடைபட்ட எழுத்தாளரின் தலைக்குள் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். சொற்கணக்கு அந்தக் கேள்விக்கு இன்றைக்கே ஒரு பதிலைக் கேட்கிறது. நாமும் கைக்கு எட்டிய முதல் பதிலைக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பதில் நாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. ஆகவே, நின்றுபோன நாட்களில் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்தக் கேள்வியைத் தடை செய்வது. என்னை மீட்ட சிறு பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதியும் அதுதான்: கதையில் அடுத்து நடக்கப் போவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

மற்ற விதிகள் எளியவை. நாவல் இருக்கும் கோப்பைத் திறக்கக் கூடாது. தனியாக ஒரு நோட்டில் கையால் எழுத வேண்டும். பத்து நிமிடம் கடிகாரத்தில் வைத்து, மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். எழுத்துப் பயிற்சியாளர் பீட்டர் எல்போ 1973இல் பரவலாக்கிய, பேனாவை நிறுத்தாமல் எழுதும் முறையிலும் பத்து நிமிடம்தான் கணக்கு. அவர் முறையில் எதைப் பற்றியும் எழுதலாம், மனம் போன போக்கில் போகலாம். நாவல் எழுதுகிறவருக்கு அவ்வளவு திறந்தவெளி உதவுவதில்லை என்பது என் அனுபவம். எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் வந்ததெல்லாம் எழுத முடியவில்லையே என்ற புலம்பல்தான். குறுகலான ஒரு வேலை இருந்தால்தான் கை நகர்கிறது.

முதலில் நான் எடுத்துக்கொண்டது, அக்காவின் மேசை இழுப்பறை. அதற்குள் இருக்கும் பன்னிரண்டு பொருட்களைப் பட்டியலிட வேண்டும். ஏன் இருக்கின்றன என்று விளக்கக் கூடாது. முதல் ஆறு பொருட்கள் யாருடைய இழுப்பறையிலும் இருக்கக்கூடியவை: மூக்குக் கண்ணாடி, மை தீர்ந்த பேனா, பழைய புகைப்படம், ரசீதுகள். எப்போதும் அப்படித்தான் வரும். ஏழாவது, எட்டாவதுக்கு மேல்தான் கைவசச் சரக்கு தீர்ந்து, பாத்திரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். ஒன்பதாவதாக நான் எழுதியது, அப்பாவின் காது கேட்கும் கருவி. அதை எழுதிய கையோடு, ‘பேட்டரி கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றப்பட்டிருக்கிறது’ என்றும் எழுதிவிட்டிருந்தேன்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டால் அது கசிந்து கருவி கெட்டுப்போகும். இனி எவரும் அணியப் போகாத ஒரு கருவி கெட்டுவிடக் கூடாது என்று இவள் பாதுகாக்கிறாள். ஆறு வரைவுகளில் நான் எழுதியிருந்த, ஆளைப் பார்த்ததும் கண்கலங்கும் அக்காவுக்கும் இந்தப் பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவள் அழ மாட்டாள். பொருட்களைச் செம்மையாகச் சுற்றி எடுத்து வைப்பாள்.

மறுநாள் செய்தது உரையாடல் பயிற்சி. அக்காவும் தம்பியும் பதினைந்து வரிகள் பேச வேண்டும். வர்ணனை கூடாது, ‘என்றாள்’, ‘என்றான்’ கூடாது. வீடு, பணம், அப்பா, கையெழுத்து ஆகிய நான்கு சொற்களையும் இருவருமே உச்சரிக்கக் கூடாது. எந்த விஷயத்தில் காட்சி சிக்கியிருக்கிறதோ, அதன் சொற்களைப் பறித்துவிடுவதுதான் இதன் நோக்கம். அவர்கள் மாடிப்படி விளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

“மாடிப்படி லைட்டு எரியலையே.”
“எரியும். ஒரு தட்டு தட்டணும்.”
“புதுசா ஒண்ணு மாத்திடலாமே, அக்கா.”
“வர்றவங்க மாத்திக்கட்டும்டா.”
“இல்ல, நான் நாளைக்கே வாங்கிட்டு வந்துடறேன்.”

நான்காவது வரியில், ‘வர்றவங்க’ என்ற ஒரே சொல்லில், அக்கா எப்போதோ முடிவெடுத்துவிட்டாள் என்பது தெரிந்தது. வேறொருவர் குடிவரப் போகும் வீட்டுக்கு நாளைக்கே விளக்கு வாங்கி மாட்ட நினைக்கிறவன் தம்பிதான். அப்படியென்றால் தயங்குவது யார்? ஏழு மாதங்களாக நான் தயக்கத்தைத் தவறான ஆளின் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இதைச் சரிபார்க்கத்தான் மூன்றாவது பயிற்சி. ஒரே சிறு நிகழ்வை 99 விதங்களில் எழுதி 1947இல் நூலாக்கினார் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ. நமக்கு அத்தனை தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றை யாருடைய கண்ணால் எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தம்பியின் பார்வையில் எழுதினால் பயனில்லை. முக்கியப் பாத்திரங்களுக்கு நம் திட்டம் தெரியும், அவர்கள் நம் பக்கமே வாதாடுவார்கள். கதையில் ஒரே ஒரு முறை மட்டும் வந்து போகிற, இவர்கள் யாரென்றே தெரியாத ஆள் வேண்டும். கையெழுத்து நடக்கும் அலுவலகத்தின் எழுத்தரைத் தேர்ந்துகொண்டேன். அவர் கண்ணால் பார்த்ததை மட்டும், 150 சொற்களுக்குள் சொல்ல வேண்டும். ‘வருத்தமாக இருந்தாள்’ போன்ற ஊகங்களுக்கு அவருக்கு அனுமதியில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: அந்த அம்மா உட்கார்ந்ததும் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார், கூட வந்தவர் தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அதே பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார், பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மூன்று நாட்கள், மூன்று பத்து நிமிடங்கள். இதற்குப் பிறகுதான் நாவலின் கோப்பைத் திறந்தேன். திறந்தது பதினோராம் அத்தியாயத்தை அல்ல, பின்னால் போய் ஒன்பதாம் அத்தியாயத்தை. நாவல் நின்ற இடமும் பழுதான இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அங்கே ஒரு தொலைபேசி உரையாடலில், விற்பதைப் பற்றித் தம்பிதான் அழைத்துப் பேசுவதாக எழுதியிருந்தேன். அழைப்பது அக்கா என்று மாற்றினேன். தேதி என்றைக்கு என்று தம்பி அதே கேள்வியைச் சுற்றி வளைத்து மூன்று முறை கேட்பதாக எழுதினேன். மாறியது இரண்டே பக்கம். கையெழுத்துக் காட்சி அதன் பிறகு நான்கு நாட்களில், ஏழு பக்கங்களில் முடிந்தது. திட்டமிட்டபடியே வீடு விற்கப்படுகிறது. கதையின் போக்கில் ஒரு நிகழ்ச்சிகூட இடம் மாறவில்லை. தயக்கம் மட்டும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பயிற்சிகளுக்கென்றே சில ஆபத்துகளும் உண்டு. முதலாவது, நோட்டில் வந்த நல்ல வரிகளை அப்படியே நாவலில் ஒட்டும் ஆசை. இழுப்பறைப் பட்டியலை முழுவதுமாக அத்தியாயத்தில் சேர்த்துப் பார்த்தேன். பன்னிரண்டு பொருட்களும் கண்காட்சிக்கு வைத்தவை போல நின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். காகிதத்தில் சுற்றிய பேட்டரி மட்டும் ஒரே வரியாக மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பயிற்சி இன்பமானது, பொறுப்பில்லாதது; அதனால் நாவலுக்குப் பதிலாக அதையே செய்துகொண்டிருக்க முடியும். முன்பு ஒரு நாவலை அப்படித்தான் இழந்தேன்: பாத்திரங்கள் எழுதிய கடிதங்களும் அவர்கள் கண்ட கனவுகளுமாக இரண்டு நோட்டுகள் நிறைந்தன, நாவல் இல்லை. இப்போது ஒவ்வொரு பத்து நிமிடத்தின் முடிவிலும் ஒன்றைப் பார்க்கிறேன். எழுதியது, முன்பே எழுதி முடித்த ஏதாவது ஒரு பக்கத்தின்மீது எனக்குச் சந்தேகம் எழுப்புகிறதா? எழுப்பினால் பயிற்சி வேலை செய்கிறது, அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். அழகான வாக்கியம் மட்டும் கிடைத்தது, கேள்வி ஒன்றும் பிறக்கவில்லை என்று மூன்று நாள் தொடர்ந்தால் நோட்டை மூடிவிடுகிறேன். அநேகமாக அப்போது சிக்கல் பாத்திரத்தில் இருக்காது, எனக்கு விவரம் தெரியாததில் இருக்கும். அந்த அலுவலகக் காட்சியிலேயே, எத்தனை பக்கங்களில் கையெழுத்திட வேண்டும், யார் முதலில் இடுவார் என்பது தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டதும் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. உடல் நலமில்லாமலோ துக்கத்திலோ எழுத முடியாமல் போகிறவர்களிடமும் இந்த நோட்டை நான் நீட்ட மாட்டேன். அவர்களுக்குத் தேவை ஓய்வு.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். நாவல் மறுபடி நகரத் தொடங்கிய பிறகுதான் அதைக் கடைப்பிடிக்க முடிந்தது. நின்றிருந்த நாட்களில் அடுத்த வரியே தெரியாதவனுக்கு அது எட்டாத உபதேசமாக இருந்தது. நேற்று மாலை பதினான்காம் அத்தியாயத்தில், தம்பி புது விளக்கைப் பையிலிருந்து எடுக்கும் இடத்தில் நிறுத்தினேன். அதை எங்கே மாட்டப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். நோட்டை இந்த வாரம் திறக்கவில்லை.