மலை இறங்கும்போது மட்டும் வரும் சண்டை

எங்களுக்குக் கல்யாணமாகி 14 வருடம் ஆகிறது. மாமியார் ஏற்காட்டில் தனியாக இருக்கிறார். கீழே வந்து எங்களோடு இருங்கள் என்றால், "இந்தக் குளிர்ச்சியை விட்டுட்டு சேலம் வெயில்ல வந்து வேகச் சொல்றியா?" என்பார். அதனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நாங்கள்தான் மேலே போகிறோம்.

போகும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான். நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று பேசி வைத்திருப்போம். என் கணவர் தன் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து "இரு, பத்து நிமிஷம்" என்பார். மணி ஆறாகிவிடும். பனி இறங்கிவிடும். கார் முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் நான் ஆரம்பிப்பேன். "உங்களுக்கு எப்பவுமே என்னைப் பத்தி நினைப்பே இல்லை." அவர் பேசமாட்டார். அவர் பேசாததால் என் குரல் ஏறும், குரல் ஏற ஏற அவர் வாய் இன்னும் இறுகும். மொத்தம் 20 வளைவு. அடிவாரம் வரும்போது என் அம்மாவை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்காத பழைய கதை வரைக்கும் போயிருப்பேன்.

ரொம்ப நாள் நான் நினைத்தது, அவர் மௌனம்தான் காரணம் என்று. அவர் நினைத்தது, என் கத்தல்தான் காரணம் என்று. இரண்டும் பாதி சரி. ஒருவர் துரத்த, மற்றவர் ஒதுங்க, ஒதுங்குவதைப் பார்த்து முதல் ஆள் இன்னும் துரத்த, இந்தச் சுற்றுக்கு யார் ஆரம்பித்தது என்று கேட்டால் பதிலே கிடைக்காது. தம்பதிகளைப் பல வருடம் ஆய்வகத்தில் உட்காரவைத்துக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் ஒரு கணக்குச் சொல்கிறார். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீரவே தீராத வகையாம். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் நிம்மதியாகவும் இருந்தது. அத்தை கீழே வரப்போவதில்லை, திங்கட்கிழமை காலை மூன்று டிபன் பாக்ஸ் கட்டுவதும் எனக்கு இல்லாமல் போகப்போவதில்லை. அப்படியென்றால் இந்தப் பிரச்சினை இருக்கத்தான் செய்யும். சண்டை போடும் விதத்தை மட்டும்தான் மாற்ற முடியும்.

அதே காட்மன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களுக்கு உதவியது. வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாதாம். ஒருமுறை ஆய்வகத்தில் சண்டையை நடுவில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, தம்பதிகளைப் பத்திரிகை படிக்கவைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்துத் துடிப்பு இறங்கியிருக்கிறது, பேச்சும் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. இதைப் படித்தபோதுதான் உறைத்தது. பனியில், வளைவில், எதிரே பஸ் வரும் ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் மனுஷனிடம் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் மௌனத்தில் திமிர் பாதி என்றால், பயம் பாதி இருந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. யாருக்குப் படபடப்பு வருகிறதோ அவர் "இப்ப வேண்டாம்" என்று சொல்லலாம். ஆனால் எப்போது பேசலாம் என்று நேரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும், சொன்னவரே அந்த நேரத்தில் பேச்சை எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் இது படுதோல்வி. அவர் "அப்புறம் பேசலாம்" என்பார், அப்புறம் வரவே வராது. அது பழைய மௌனத்துக்கே புதுச் சட்டை. நானும் சளைத்தவள் இல்லை. கிடைத்த அரை மணி நேரத்தில் மனசுக்குள் வக்கீல் மாதிரி பாயின்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தால் துடிப்பு எப்படி இறங்கும்? இப்போது துணி மடிப்பேன், இல்லையென்றால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு அவராகவே வந்து உட்கார்ந்தார். நான் "எப்பவுமே"வைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைய நாளை மட்டும் சொன்னேன். "இன்னிக்கு வீட்டுக்கு வர்றப்ப ஏழே கால். மாவு அரைக்கலை. எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்லாத மாதிரி இருக்குங்க. அஞ்சு மணிக்குக் கிளம்ப முடியுமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாம கிளம்பறப்ப அம்மா வாசல் கேட் கிட்ட வந்து நிக்கும்ல. காரைத் திருப்புறப்ப கண்ணாடியில தெரியும். அதைப் பாக்க முடியாமத்தான் பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு தள்ளுறேன்" என்றார். 14 வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. அவர் சொன்னதும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கை நீட்டுகிற, பயமுறுத்துகிற வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே நடப்பது சண்டையே இல்லை. அங்கே பெண் முதலில் தேட வேண்டியது பாதுகாப்பை. அரசின் 181 உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

இப்போது ஐந்து மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். அத்தையே, "கிளம்புங்க, பனி இறங்குது" என்பார். போன ஞாயிறு ஐந்தே முக்காலாகிவிட்டது. நாலாவது வளைவில் நான் வாயைத் திறந்தேன். "அடிவாரத்துல டீ குடிக்கறப்ப" என்றார். சரி என்றேன். டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் அவரே ஆரம்பித்தார், "முக்கால் மணி நேரம் லேட்டு."