இலக்கைச் சொன்னவர்கள், தவறியதற்கான விளக்கத்தையும் சொல்ல வேண்டும்

2022 நவம்பர் 3 அன்று இந்திய ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தியது. வட்டி விகிதத்தை மாற்றுவதற்காக அந்தக் கூட்டம் கூடவில்லை. மத்திய அரசுக்கு எழுத வேண்டிய ஓர் அறிக்கையைப் பற்றிப் பேசவே கூடியது. விலைவாசி உயர்வின் சராசரி தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டுக்கு மேலே இருந்துவிட்டால், ஏன் அப்படி ஆனது, அதைச் சரிசெய்ய என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு காலத்தில் இலக்குக்குத் திரும்புவோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 2016இல் இந்த ஏற்பாடு வந்த பிறகு அந்தக் கடிதத்தை எழுத நேர்ந்தது அதுவே முதல் முறை. கடிதம் அரசுக்குப் போனது, மக்களுக்கு வெளியிடப்படவில்லை. அது வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்ல, மத்திய வங்கிகள் எதற்காக ஓர் எண்ணை ஊரறிய அறிவிக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் நாட்டின் எண் 4. ஆண்டுக்கு 4 விழுக்காடு விலை உயர்வு இலக்கு. அது 2 வரை இறங்கலாம், 6 வரை ஏறலாம். ரிசர்வ் வங்கி அமைத்த உர்ஜித் படேல் குழு 2014இல் தந்த பரிந்துரையின் வழியில், மத்திய அரசு 2016 ஆகஸ்டில் இதை முறைப்படி அறிவித்தது. 2021இல் அப்படியே நீட்டித்தது. அந்த இலக்கை அடைவதற்கான வட்டி விகிதத்தை ஆறு பேர் கொண்ட குழு முடிவு செய்கிறது. அவர்களில் மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் அரசு நியமிக்கும் வெளியாட்கள். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ரிசர்வ் வங்கி ஆளுநருக்குக் கூடுதல் வாக்கு உண்டு.

ரிசர்வ் வங்கி அரிசிக்கும் பருப்புக்கும் விலை வைப்பதில்லை. அதன் கையில் உள்ள முதன்மையான கருவி, வங்கிகளுக்கு அது கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் மட்டுமே. அந்த வட்டி ஏறினால் வீட்டுக் கடனும் தொழில் கடனும் மெல்ல மெல்ல விலை கூடும். வாங்குவோரின் வேகம் தணியும். அதன் பிறகுதான் விலைகள் ஏறும் வேகம் குறையும். இதற்குப் பல காலாண்டுகள் ஆகும். இப்படிச் சுற்றுவழியில் வேலை செய்யும் ஒரு நிறுவனம், தன் நேரடிப் பிடியில் இல்லாத ஒன்றுக்கு எண் வைத்து வாக்குறுதி கொடுப்பது முதல் பார்வையில் துணிச்சலாகவே தெரியும். ஆனால் அந்த வாக்குறுதியை மக்கள் நம்பினால், அந்த நம்பிக்கையே விலைகளைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும் பங்கைச் செய்துவிடுகிறது.

ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளுக்கான ஊதிய ஒப்பந்தம் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் இன்றைய சம்பளம் 20,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறும் என்று தொழிற்சங்கம் நம்பினால், வாங்கும் சக்தி குறையாமல் இருக்க மூன்றாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 22,500 ரூபாய் தேவை. 8 விழுக்காடு ஏறும் என்று அஞ்சினால் ஏறத்தாழ 25,200 ரூபாய் தேவை. சங்கம் இரண்டாவது தொகையைக் கேட்பதில் தவறே இல்லை. தன் உறுப்பினர்களைக் காப்பது அதன் கடமை. நிர்வாகமும் அதே அச்சத்தில் இருந்தால் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் தன் சரக்கின் விலையை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று அது கணக்குப் போடும். அந்தச் சரக்கை வாங்கும் அடுத்த நிறுவனமும் அப்படியே செய்யும். 8 விழுக்காடு வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்ததாலேயே 8 விழுக்காடு வந்து சேரும், அதில் யாருக்கும் உண்மையான ஆதாயம் இருக்காது. இரு தரப்பும் நம்பும் ஓர் எண் பொதுவில் இருந்தால், பேச்சு அந்த எண்ணைச் சுற்றி நடக்கும்.

சேமிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 2009 முதல் 2013 வரை நம் நாட்டில் விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற வேகத்தில் ஏறியது. வைப்புத்தொகைக்கு வங்கி தரும் வட்டியை விலையேற்றம் தின்றுவிட்டதால் பலர் வங்கியை விட்டுத் தங்கத்தின் பக்கம் போனார்கள். அப்போது ரிசர்வ் வங்கிக்கு எட்ட வேண்டிய எண் என்று எதுவும் இல்லை. வளர்ச்சி, ரூபாய் மதிப்பு, விலை எனப் பலவற்றையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்தது. எதில் தவறினாலும் மற்றொன்றைக் காரணம் காட்ட முடிந்தது.

வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறத்தாழ 46 விழுக்காடு. மழை பொய்த்தால் குறியீடு துள்ளும், அதற்கு வட்டியில் மருந்து கிடையாது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழ்நாடு அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் நாடு முழுவதற்குமான பணவீக்கம் 7.44 விழுக்காடு. குழுவினர் ரெப்போ விகிதத்தை அசைக்காமல் 6.5 விழுக்காட்டிலேயே வைத்திருந்தார்கள். புதிய வரத்து வந்ததும் காய்கறி விலை இறங்கியது. அக்டோபரில் பணவீக்கம் 4.87 விழுக்காடு. பொறுத்திருந்தது சரியான முடிவு. அவர்களால் பொறுத்திருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த ஏற்றம் ஊதியத்துக்கோ பிற பொருள்களுக்கோ பரவவில்லை என்பது. இலக்கில் நம்பிக்கை இருக்கும் வரை ஒரு பயிரின் தட்டுப்பாடு அந்தப் பயிரோடு நின்றுவிடும். நம்பிக்கை போய்விட்டால் தக்காளியில் தொடங்கியது வீட்டு வாடகை வரை போகும். அப்போது வட்டியை ஏற்றித்தான் ஆக வேண்டும், அதன் வலியை வேலை இழப்பவர்கள்தான் சுமப்பார்கள்.

2022இல் நடந்தது வேறு. பிப்ரவரி 10 அன்று குழு வெளியிட்ட மதிப்பீடு, 2022-23 நிதியாண்டில் பணவீக்கம் 4.5 விழுக்காடாக இருக்கும் என்றது. ரெப்போ விகிதம், பெருந்தொற்றுக் காலத்தில் குறைக்கப்பட்ட 4 விழுக்காட்டிலேயே தொடர்ந்தது. இரண்டு வாரங்களில் உக்ரைன் போர் மூண்டது. கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை எல்லாம் ஏறின. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தின் முடிவாக ரெப்போ விகிதம் 4.40 ஆனது, அங்கிருந்து படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.50இல் நின்றது. அந்த நிதியாண்டின் சராசரிப் பணவீக்கம் கடைசியில் 6.7 விழுக்காடாக முடிந்தது. 4.5க்கும் 6.7க்கும் இடையிலான வேறுபாட்டில் எவ்வளவு போரின் வேலை, எவ்வளவு கணிப்பின் பிழை, வட்டியை ஏற்றத் தாமதித்ததற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. போர் மூளும் முன்பே, ஜனவரியிலேயே பணவீக்கம் 6 விழுக்காட்டைத் தொட்டிருந்தது என்பதால், எல்லாப் பழியையும் போரின் மேல் போட்டுவிட முடியாது என்று நினைக்கிறேன். பெருந்தொற்றில் விழுந்த பொருளாதாரம் எழுந்து நிற்பதற்கு முன் வட்டியை ஏற்ற வேண்டாம் என்று குழு கருதியிருந்தால் அதுவும் மதிக்கத்தக்க வாதம்தான். அந்த வாதத்தை அது எப்படி எடை போட்டது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் அந்தக் கடிதம்.

கடிதத்தை வெளியிடுவீர்களா என்று கேட்டபோது, அது சட்டப்படி அரசுக்கு எழுதப்படுவது, வெளியிடும் அதிகாரம் தனக்கு இல்லை என்ற நிலையை அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் எடுத்தார். வெளியிடச் சட்டத்தில் இடம் இல்லை என்று நாடாளுமன்றத்தில் அரசும் பதில் அளித்தது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இரண்டுமே சரிதான். குறை சட்டத்தில் இருக்கிறது.

இந்த முறை பிறந்த நியூசிலாந்தில் 1989இல் கொண்டுவரப்பட்ட சட்டம், மத்திய வங்கியின் ஆளுநரும் நிதியமைச்சரும் இலக்கை எழுதி வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. 1990இல் அந்த இலக்கு 0 முதல் 2 விழுக்காடு. தவறினால் ஆளுநரைப் பதவியிலிருந்து நீக்கவும் அதில் வழி இருந்தது. பிரிட்டனில் இலக்கு 2 விழுக்காடு. அதிலிருந்து ஒரு புள்ளிக்கு மேல் விலகினால் ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதும் கடிதத்தை யாரும் படிக்கலாம். 2007 மார்ச் மாதப் பணவீக்கம் 3.1 விழுக்காடானபோது ஆளுநர் மெர்வின் கிங் அப்படி முதல் கடிதம் எழுதினார். அதனால் பிரிட்டனின் கடன் சந்தை குலைந்துவிடவில்லை. 2022இல் ஏறத்தாழ 70 விழுக்காடு பணவீக்கத்தைக் கண்ட இலங்கை, 2023இல் இயற்றிய மத்திய வங்கிச் சட்டத்தில், இலக்கு தவறினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அது பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இங்கே இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2020இலும் பணவீக்கம் மாதக் கணக்கில் 6 விழுக்காட்டுக்கு மேலே இருந்தது. ஆனால் ஊரடங்கால் ஏப்ரல், மே மாதங்களில் விலைகளை முழுமையாகத் திரட்ட முடியாமல், மதிப்பிட்டு நிரப்பிய எண்களே வெளியாகின. அதனால் அந்த இரு மாதங்களைக் குறியீட்டுத் தொடரில் ஏற்பட்ட முறிவாகக் கருதலாம் என்று குழு முடிவு செய்தது. கடிதம் எழுதும் தேவை எழவில்லை. அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். அதையும் நம்மால் எடை போட முடிவதற்குக் காரணம், குழு தன் தீர்மானத்தில் அதை வெளிப்படையாக எழுதியதுதான்.

இலக்கு தவறுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 4க்கு இருபுறமும் இரண்டு புள்ளி இடம் விட்டிருப்பதே, மழையும் போரும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டதால்தான். ஊதியம் பேசுபவரும் வைப்புத்தொகை போடுபவரும் 4 என்ற எண்ணை நம்ப வேண்டும் என்றால், அது 7 ஆனபோது அதை வைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் படிக்க முடிய வேண்டும். அறிக்கை அரசிடம் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் ரிசர்வ் வங்கி அதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். 2022இன் கடிதத்தையும் அதோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.